போலிக் கிரயப் பத்திரத்தை ரத்து செய்யும் வழக்கு: மூன்று வருடமா, பன்னிரண்டு வருடமா?

வில்லங்கச் சான்றில் நாம் போடாத ஒரு கிரயம் ஏறியிருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. அடுத்து சார்பதிவாளர் அலுவலகம், அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு. இந்த மூன்று இடத்திலும் அலைந்து முடிப்பதற்குள் ஒன்றரை இரண்டு வருடம் போய்விடுகிறது. பதிவான கிரயப் பத்திரத்தை ரத்து செய்கிற அதிகாரம் உரிமையியல் நீதிமன்றத்திடம்தான் இருக்கிறது. அங்கே போவதற்கான காலக்கெடு, நீங்கள் மற்ற இடங்களில் அலைந்த நாட்களிலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கெடு எவ்வளவு என்பதோ, நீங்கள் எந்த வகை வழக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் சரியான வழக்கைச் சரியான நேரத்தில் போட முடியும்.

புரிவதற்காக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். ஆட்களும் தேதிகளும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. சென்னையில் குடியிருக்கும் ஒரு அம்மா, 1998-ல் திருச்சி பக்கத்தில் 2,400 சதுர அடி மனை ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். வீடு கட்டவில்லை. 2018 ஜூலையில் அவர் பெயரில் வேறொரு பெண் ஆள்மாறாட்டம் செய்து ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். அந்தப் பவரை வைத்து, பவர் ஏஜெண்ட் 2018 செப்டம்பரில் ரூ.6 லட்சத்துக்கு மனையைக் கிரயம் செய்தார். வாங்கியவர் 2021-ல் இன்னொருவருக்கு விற்க, அவர் சுற்றி வேலி போட்டுவிட்டார். அந்த அம்மா 2023 ஜூன் 12 அன்று வில்லங்கச் சான்றும் பத்திர நகலும் எடுத்தபோது முழுக் கதையும் தெரிய வந்தது. இனி அவர் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் காகிதம்

tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். உங்கள் கிரயத் தேதியிலிருந்து இன்றுவரை முழுதாக எடுங்கள். கடைசி ஐந்து வருடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு, "ஒரே ஒரு பத்திரம்தான் போலி" என்று வழக்குப் போட்டவர்கள், பாதி வழக்கில் முந்தைய பவர் பத்திரத்தைக் கண்டுபிடித்து மனுவைத் திருத்த அலைவதுண்டு.

அடுத்து, சந்தேகமான ஒவ்வொரு பத்திரத்துக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். நகல் கைக்கு வந்ததும் விலையைப் பார்ப்பதற்கு முன் ஒட்டியிருக்கும் புகைப்படத்தையும் கைரேகையையும் பாருங்கள். எழுதிக் கொடுத்தவரின் படமும் ரேகையும் பத்திரத்தில் இருந்தாக வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 32-ஏ பிரிவு. ஆள்மாறாட்டத்தில் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் உண்மையாகவே இருக்கும். முகம் மட்டும் வேறு. நம் உதாரணத்தில் பவர் பத்திரத்தில் இருந்த படம் அந்த அம்மாவுடையது அல்ல. இந்த ஒன்றே வழக்கின் பாதி பலம். அதோடு சாட்சிகள் யார், பத்திரம் எழுதியவர் யார், எந்த அடையாள அட்டை எண் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். பட்டா யார் பெயருக்கு, எந்தத் தேதியில் மாறியது என்பதையும் எடுத்துவிடுங்கள்.

நகல் மனு போட்ட ரசீதையும், நகலில் இருக்கும் தேதி முத்திரையையும் பத்திரமாக வையுங்கள். மோசடி எப்போது தெரிந்தது என்ற கேள்வி பின்னால் வரும்போது உங்கள் கையில் இருக்கப்போகும் சாட்சியம் அதுதான்.

கையெழுத்துப் போட்டது நீங்களா?

வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி இது. மறைக்காமல் பதில் சொல்லுங்கள். எந்த வழக்கு, எவ்வளவு கட்டணம், எவ்வளவு காலம் எல்லாமே இதில்தான் பிரிகின்றன.

கையெழுத்தோ ரேகையோ உங்களுடையதே. ஆனால் ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்றால், அந்தப் பத்திரம் தள்ளப்படும்வரை செல்லுபடியாகும் பத்திரம். நீங்கள் நீதிமன்றத்தில் போய் அதைத் தள்ளச் சொன்னால்தான் அது போகும். குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963-ன் 31-வது பிரிவின்படி ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும். ரத்து கேட்காமல் வெறும் தடை உத்தரவான உறுத்துக்கட்டளை கேட்டால் நிற்காது.

கையெழுத்து உங்களுடையதே இல்லை, வேறு யாரோ போட்டது என்றால், அந்தப் பத்திரம் உங்களைப் பொறுத்தவரை ஆரம்பத்திலிருந்தே செல்லாதது. அதில் எழுதிக் கொடுத்தவர் நீங்கள் இல்லை. அப்போது கேட்க வேண்டியது, "சொத்து என்னுடையது, இந்தப் பத்திரம் போலி, என்னைக் கட்டுப்படுத்தாது" என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகை. பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் ரத்து கேட்க வேண்டும், எழுதிக் கொடுக்காதவர் விளம்புகை கேட்டால் போதும் என்ற இந்தப் பிரிவினையை உச்ச நீதிமன்றம் 2010-ல் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. கிராமங்களில் அதிகம் நடப்பது அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவரை அழைத்துப் போய், "இது அடமானப் பத்திரம், ரேகை வை" என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் ரேகை வாங்கிவிடுவார்கள். 1968-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கோடு போட்டது. பத்திரத்தின் தன்மையையே மாற்றிச் சொல்லி ஏமாற்றியிருந்தால், அதாவது அடமானம் என்று சொல்லிக் கிரயம் வாங்கியிருந்தால், அது செல்லாத பத்திரம். தன்மை தெரிந்தே கையெழுத்துப் போட்டு, உள்ளே இருந்த விவரத்தில் ஏமாந்திருந்தால், அதாவது ஒரு சர்வே எண்ணைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சேர்த்து எழுதியிருந்தால், அது நீங்கள் கேட்டால் மட்டும் தள்ளப்படுகிற பத்திரம். படிக்கும்போது கோடு தெளிவாகத்தான் இருக்கிறது; சாட்சிக் கூண்டில் அதை நிரூபிப்பது கடினம். அதனால் இந்த நடு வகையில் இருப்பவர்கள், கெடு குறைவான வழியையே தங்கள் கெடுவாக நினைத்துக்கொள்வது பாதுகாப்பு.

வட்டிக்குப் பணம் வாங்கும்போது "செக்யூரிட்டிக்காக" என்று கிரயப் பத்திரமே எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. அது கிரயப் பத்திரம் என்று அன்றைக்கே தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால், தெரிந்த நாள் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வது அந்த நாளைத்தான். "பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன் என்றார்" என்று நான்கைந்து வருடம் காத்திருப்பதுதான் இந்த வகையில் ஆட்களைக் கவிழ்க்கிறது.

மூன்று வருடம் எங்கிருந்து ஓடுகிறது

காலவரையறைச் சட்டம் 1963-ன் அட்டவணையில் 59-வது இனம் பத்திர ரத்து வழக்குக்கானது. மூன்று வருடம். அது தொடங்குவது பத்திரம் பதிவான தேதியிலிருந்து அல்ல. பத்திரத்தை ரத்து செய்யக் கோருவதற்கான விஷயங்கள் வாதிக்கு முதன்முதலில் தெரிந்த நாளிலிருந்து. "முதன்முதலில்" என்பதைக் கவனியுங்கள். முழு விவரமும் தெரிந்த நாள், வழக்கறிஞர் விளக்கிச் சொன்ன நாள், காவல்துறை மனுவை முடித்து வைத்த நாள் எதுவும் கணக்கில்லை.

அதே சட்டத்தின் 17-வது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. மோசடியை அடிப்படையாகக் கொண்ட வழக்கில், மோசடியைக் கண்டுபிடித்த நாளிலிருந்தோ, நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ காலம் ஓடும். பதிவான பத்திரம் ஊரறிந்த விஷயம், பதிவுத் தேதியே தெரிந்த தேதி என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதாடும். அந்த வாதத்தை ஏற்ற தீர்ப்புகளும் இருக்கின்றன. ஆகவே எப்போது தெரிந்தது என்பதோடு, ஏன் அதற்கு முன் தெரியவில்லை என்பதையும் சொல்லத் தயாராக இருங்கள். வெளியூரில் இருந்தேன், மூலப் பத்திரம் என்னிடமே இருக்கிறது, வரி ரசீது என் பெயரில் தொடர்ந்து வந்தது, இடம் காலியாகவே இருந்தது என்பவை எல்லாம் அதற்கான பதில்கள்.

கணக்குப் போடும் விதம் எளிது. தெரிந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். நம் உதாரணத்தில் 2023 ஜூன் 12 தெரிந்த நாள் என்றால், 2026 ஜூன் 12 கடைசி நாள். கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால், திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் தாமத மன்னிப்பு மனு போட வழியில்லை. மேல்முறையீட்டுக்குத் தாமதத்தை மன்னிக்கும் 5-வது பிரிவு, புது வழக்குக்குப் பொருந்தாது. எதிர்த்தரப்பு காலாவதி என்று எழுப்பாவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3-வது பிரிவு.

குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றும் உண்டு. அப்பாவுக்குத் தெரிந்து அவர் ஒன்றும் செய்யாமல் இறந்துபோனால், பிள்ளைகளுக்குப் புதிதாக மூன்று வருடம் கிடைக்காது. அவர் காலத்தில் ஓடத் தொடங்கிய கெடு பிள்ளைகளுக்கும் தொடரும். மைனர் சொத்தைக் காப்பாளர் விற்ற வழக்கு வேறு: அதற்கு 60-வது இனம், மேஜரான நாளிலிருந்து மூன்று வருடம்.

பன்னிரண்டு வருடம் எப்போது

சொத்து என்னுடையது, அனுபவத்தில் இருப்பவர் உரிமையில்லாதவர், அவரிடமிருந்து மீட்டுக் கொடுங்கள் என்று உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் கேட்டால், 65-வது இனம் வருகிறது. எதிரியின் அனுபவம் உங்கள் உரிமைக்கு எதிராக மாறிய நாளிலிருந்து பன்னிரண்டு வருடம். கையெழுத்தே உங்களுடையது இல்லாத போலிப் பத்திரத்தில், நீங்கள் தள்ளச் சொல்வதற்கு முன்பே அது சட்டத்தின் கண்ணில் ஒன்றுமில்லை. அதனால் முக்கியமான கோரிக்கை சுவாதீனம், பத்திரம் போலி என்பது அதற்குத் துணையான கோரிக்கை என்று வழக்கை அமைக்க முடியும். கையெழுத்துப் போட்டவருக்கு இந்த வழி கிடையாது. அவர் முதலில் பத்திரத்தைத் தள்ளினால்தான் அவருக்கு உரிமையே திரும்பும். அதற்கு மூன்று வருடம்தான்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நம் அம்மாவின் வழக்கில் பார்க்கலாம். அவர் 2026 ஜனவரி 5 அன்று வழக்குப் போடுகிறார். 2023 ஜூனில்தான் தெரிந்தது என்று எழுதுகிறார். எதிர்த்தரப்பு ஒரு காகிதத்தை நீட்டுகிறது: 2022 மார்ச் 14 அன்று ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அவரே கொடுத்த மனு. "என் மனையில் யாரோ வேலி போட்டிருக்கிறார்கள், போலிப் பத்திரம் தயாரித்ததாகத் தெரிகிறது" என்று அதில் எழுதியிருக்கிறது. ஊரிலிருந்த தம்பி சொன்னதை வைத்து எழுதிக் கொடுத்த மனு. அவர் மறந்தே போயிருந்தார். அந்த மனுப்படி பார்த்தால் மூன்று வருடம் 2025 மார்ச் 14-லேயே முடிந்தது. பத்திர ரத்தை மட்டும் கேட்டிருந்தால், வழக்குக் காலாவதி என்ற வாதத்துக்கு அவரிடம் பதிலே இருந்திருக்காது. உரிமை விளம்புகையும் சுவாதீனமும் கேட்டிருந்தால், வேலி போட்டது 2021 என்பதால் 2033 வரை இடம் இருக்கிறது.

இதைச் சொன்னதும், "அப்ப பன்னிரண்டு வருடம் இருக்கே, மெதுவாகப் போகலாம்" என்று நினைக்க வேண்டாம். விளம்புகைக்கென்று தனியாக 58-வது இனம் மூன்று வருடம் வைத்திருக்கிறது. எந்தக் கோரிக்கை முக்கியமானது, எது துணை என்பதை நீதிமன்றம் மனுவைப் படித்துத்தான் முடிவு செய்யும். பன்னிரண்டு வருடத்தை விழுந்தால் தாங்குகிற வலையாக வைத்துக்கொண்டு, மூன்று வருடத்தையே கெடுவாகக் கருதி ஓடுவதுதான் என் ஆலோசனை.

கட்டணமும் அது போடும் தூண்டிலும்

தமிழ்நாட்டில் மதிப்பின் மேல் கட்டும் நீதிமன்றக் கட்டணம் 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. எந்த மதிப்பின் மேல் என்பதுதான் கேள்வி. பத்திர ரத்து வழக்கு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 40-வது பிரிவில் வருகிறது; பத்திரத்தில் எழுதியிருக்கும் தொகையின் மேல் கட்டணம். உரிமை விளம்புகையோடு சுவாதீனமும் கேட்டால் 25-வது பிரிவு. சொத்தின் சந்தை மதிப்பின் மேல் கட்டணம்.

நம் உதாரணத்தில் பத்திரத் தொகை ரூ.6 லட்சம், கட்டணம் ரூ.18,000. மனையின் சந்தை மதிப்பு ரூ.20 லட்சம் என்றால் கட்டணம் ரூ.60,000. வித்தியாசம் ரூ.42,000. கையில் காசில்லாத நேரத்தில், "ரத்து மட்டும் கேட்டு வைப்போம், மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். அப்படிச் செய்தால் மூன்று அடி விழும். ஒன்று, மேலே பார்த்தபடி மூன்று வருடக் கெடுவுக்குள் நீங்களாகப் போய் உட்காருகிறீர்கள். இரண்டு, சுவாதீனம் எதிரியிடம் இருக்கும்போது அதைக் கேட்காமல் வெறும் விளம்புகை கேட்டால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 34-வது பிரிவு அதை அனுமதிக்காது. மூன்று, வழக்குக்குக் காரணமான ஒரே விஷயத்தில் கேட்டிருக்க வேண்டிய பரிகாரத்தை விட்டுவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 2 விதி 2-ன்படி அதைப் பின்னால் தனி வழக்காகக் கேட்க முடியாமல் போகலாம்.

இடம் இன்னும் உங்கள் அனுபவத்திலேயே இருந்தால் சுவாதீனம் கேட்கத் தேவையில்லை. விளம்புகையும் நிரந்தர உறுத்துக்கட்டளையும் போதும். கட்டணம் சந்தை மதிப்பில் பாதியின் மேல்.

வழக்குரையில் என்ன இருக்க வேண்டும்

சொத்து எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் வழக்கு. நீங்கள் சென்னையில் இருந்தாலும் திருச்சிதான். எல்லையைப் பார்த்த பிறகு, மாவட்ட உரிமையியல் நீதிமன்றமா, சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா என்பதை மதிப்பு முடிவு செய்யும்.

பிரதிவாதிகளில் யாரையும் விட்டுவிடாதீர்கள். பவர் ஏஜெண்ட், முதலில் வாங்கியவர், அவரிடம் வாங்கியவர், அடமானம் வைத்திருந்தால் கடன் கொடுத்த வங்கி, எல்லோரும் வர வேண்டும். பத்திரங்களும் அப்படியே. நம் உதாரணத்தில் 2018 ஜூலைப் பவர், 2018 செப்டம்பர் கிரயம், 2021 கிரயம் மூன்றையும் பத்திர எண்ணோடு, பதிவு அலுவலகத்தோடு தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். கடைசிப் பத்திரத்தை மட்டும் தாக்கிவிட்டுப் பவரை விட்டுவிட்டால், வேரை விட்டுக் கிளையை வெட்டிய கதைதான்.

"மோசடியாக, சதித்திட்டம் தீட்டி" என்று பொதுவாக எழுதினால் போதாது. யார், எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில், என்ன செய்தார் என்பதை விவரமாக எழுத வேண்டும் என்கிறது கட்டளை 6 விதி 4. தெரிந்த நாளைச் சொல்லும் பத்தி மிக முக்கியம். அதை எழுதுவதற்கு முன், நீங்கள் எங்கெங்கே என்ன மனுக் கொடுத்தீர்கள் என்பதை எல்லாம் தேடி எடுங்கள்: காவல்துறைப் புகார், தாசில்தாருக்குப் பட்டா ஆட்சேபணை, முதலமைச்சர் தனிப்பிரிவு மனு, வழக்கறிஞர் நோட்டீஸ், வாட்ஸாப்பில் உறவினருக்கு அனுப்பிய செய்திகூட. இவற்றில் மிகப் பழையது எதுவோ, எதிர்த்தரப்பு அதைத்தான் கண்டுபிடிக்கும். நீங்களே முந்திச் சொல்லி விளக்கம் கொடுத்தால், குறுக்கு விசாரணையில் முகம் வெளிறி நிற்க வேண்டியிருக்காது.

மனுவைப் படித்த மாத்திரத்தில் காலாவதி என்று தெரிந்தால், சாட்சி விசாரணை இல்லாமலே கட்டளை 7 விதி 11-ன்படி வழக்குரையை நிராகரித்துவிடலாம். 2020-ல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு சூரத் வழக்கு இதற்கு நல்ல பாடம். 2009 ஜூலையில் ரூ.1.74 கோடிக்குக் கிரயம். 36 காசோலைகள் கொடுத்ததாகப் பத்திரத்தில் இருந்தது. ரூ.40,000 தவிர எதுவும் வரவில்லை என்று விற்றவர்கள் 2014 டிசம்பரில் பத்திர ரத்து கேட்டார்கள். பணம் வரவில்லை என்பது 2009-லேயே தெரிந்திருக்க வேண்டும், ஐந்தரை வருடம் கழித்து வந்தது காலாவதி என்று வழக்குரையே நிராகரிக்கப்பட்டது. கிரயத் தொகை பாக்கி என்பது மட்டும் பதிவான கிரயத்தை ரத்து செய்யக் காரணமாகாது, பணத்துக்குத்தான் வழக்குப் போட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. பாக்கிப் பணப் பிரச்சினையை மோசடி என்று பெயர் மாற்றி எழுதிக் கொண்டுவருபவர்கள் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

வழக்கோடு சேர்த்தே, சொத்தை மேற்கொண்டு விற்கவோ கட்டடம் எழுப்பவோ கூடாது என்று கட்டளை 39-ன்கீழ் இடைக்காலத் தடை கேளுங்கள். தடை கிடைக்காவிட்டாலும், வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனாலும் தடை இருந்தால் புதுப்புது ஆட்களை வழக்கில் சேர்த்துக்கொண்டே போக வேண்டிய வேதனை இல்லை.

காவல்துறையும் பதிவுத்துறையும்

புகார் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள்மாறாட்டம், போலி ஆவணம் இரண்டும் தண்டனைக்குரிய குற்றங்கள்; பதிவுச் சட்டத்தின் 82-வது பிரிவும் தனியாகத் தண்டிக்கிறது. விசாரணையில் கைப்பற்றும் ஆவணங்கள் உங்கள் வழக்குக்கும் உதவும். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவானாலும், எதிரிக்குத் தண்டனையே கிடைத்தாலும், சொத்து உங்களுக்குத் திரும்பிவிடாது. மூன்று வருடமும் அதற்காக நிற்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நடத்துங்கள்.

பதிவுத்துறையிலேயே போலிப் பத்திரத்தை ரத்து செய்ய, தமிழ்நாட்டில் 2022-ல் 77-ஏ என்ற பிரிவு வந்தது. மாவட்டப் பதிவாளருக்கு அந்த அதிகாரம் கொடுத்தார்கள். ஏராளமானோர் அதை நம்பி மனுப் போட்டார்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டது. இன்றும் சிலர், "மாவட்டப் பதிவாளரிடம் போனால் மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். அதேபோல, நீங்களாகவே ஒருதலையாக ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுகள் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன.

சாட்சியமும் தீர்ப்புக்குப் பிறகும்

பதிவான பத்திரம் முறைப்படி நடந்தது என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். அதை உடைக்க வேண்டியது நீங்கள். கையெழுத்தைவிட ரேகை உறுதியான சாட்சியம். சார்பதிவாளர் அலுவலகத்தில் ரேகைப் பதிவேடு இருக்கும். அதை வரவழைத்து, நீதிமன்றத்தில் உங்கள் ரேகையை எடுத்து, இரண்டையும் ரேகை நிபுணருக்கு அனுப்பக் கேளுங்கள். கையெழுத்தை ஒப்பிட வேண்டுமென்றால், பத்திரம் நடந்த அதே காலத்தில், தகராறு வருவதற்கு முன் போட்ட கையெழுத்துகள் வேண்டும்: வங்கி விண்ணப்பம், ஓய்வூதிய ஆவணம், வேறு சொத்தின் பத்திரம். வழக்குக்குப் பிறகு வக்காலத்தில் போட்ட கையெழுத்தோடு ஒப்பிட்டால் அதன் மதிப்பு குறைவு. அந்தத் தேதியில் நீங்கள் வேறு ஊரில் இருந்ததைக் காட்டும் மருத்துவமனைப் பதிவோ, வேலைக்கு வந்த வருகைப் பதிவோ இருந்தால் அதுவும் பெரிய பலம்.

கையெழுத்து உங்களுடையது, ஏமாற்றி வாங்கினார்கள் என்ற வழக்கில் ரேகை நிபுணர் உதவ மாட்டார். அங்கே பேசுவது சூழ்நிலை: விற்ற பிறகும் நீங்களே குடியிருந்தது, வரி கட்டியது, சந்தை விலையில் கால்வாசிக்கு எழுதியது, பணம் கைமாறிய தடமே இல்லாதது, சாட்சிகள் எல்லோரும் எதிரியின் ஆட்களாக இருப்பது.

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், பத்திரம் பதிவான அலுவலகத்துக்குத் தீர்ப்பாணையின் நகலை நீதிமன்றம் அனுப்ப வேண்டும், அங்கே புத்தகத்தில் ரத்து என்று குறிப்பு எழுத வேண்டும் என்கிறது குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 31-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. இதை வழக்குரையின் கோரிக்கைப் பகுதியிலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். நீதிமன்றத்திலிருந்து தபால் போகும் என்று காத்திருக்க வேண்டாம். சான்றிட்ட நகல் வாங்கி, நீங்களே சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுவோடு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். சில வாரம் கழித்துப் புது வில்லங்கச் சான்று எடுத்து, போலிப் பத்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் எதிரே தீர்ப்பு விவரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் மறுபடி போங்கள். அதன் பிறகு, அதே நகலை வைத்துத் தாசில்தாரிடம் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்கலாம்.